எந்தத் திருமங்கலம்?

திருமங்கலம் என்றதும் மதுரைக்காரர் விருதுநகர் போகும் வழியில் இருக்கும் ஊரை நினைப்பார். சென்னைக்காரருக்கு அது அண்ணா நகரை ஒட்டிய மெட்ரோ ரயில் நிலையம். அந்த அண்ணா நகரும் சென்னைக்கு மட்டும் சொந்தமில்லை. மதுரையிலும் ஓர் அண்ணா நகர் உண்டு. கே.கே. நகரோ சென்னை, திருச்சி, மதுரை மூன்றிலும் இருக்கிறது. தலைவர்களின் பெயரை நகர்களுக்குச் சூட்டுவதில் நாம் தாராளமானவர்கள். அதனால், “அண்ணா நகர் கிளை, திருமங்கலம் கிளை” என்று மட்டும் இணையதளத்தில் எழுதி வைக்கும் ஒரு நிறுவனம் எந்த ஊரில் இருக்கிறது என்று தேடுகிறவருக்கும் தெரியாது, கூகுளுக்கும் உறுதியாகத் தெரியாது.

ஒன்றுக்கு மேல் கிளை வைத்திருக்கும் தொழில்கள் ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பக்கம் வைக்க வேண்டியிருப்பது இதனால்தான். அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும், எதைச் செய்தால் அது பயனில்லாமல் போகும் என்பதை ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அண்ணா நகரில் தலைமை லேப். திருமங்கலத்திலும் மேலூரிலும் கிளைகள். இணையதளத்தில் “எங்கள் கிளைகள்” என்று ஒரே பக்கம். அதில் மூன்று முகவரிகள், கீழே ஒரே ஒரு தொலைபேசி எண், “நேரம்: காலை 7 முதல் இரவு 9 வரை” என்று ஒரு வரி. பார்க்க எல்லாம் இருப்பது போலத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. திருமங்கலத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். சென்னையில் இருக்கும் மகன் செல்போனில் தேடுகிறார். ஊர்ப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால், அவர் சென்னையில் இருப்பதால், சென்னைத் திருமங்கலத்து லேப்கள் முதலில் வர வாய்ப்பு அதிகம். மதுரை என்று சேர்த்துத் தேடி, எப்படியோ நம் லேபின் பக்கத்தைப் பிடிக்கிறார். இரவு 9 வரை திறந்திருக்கும் என்று பார்த்து அம்மாவை அனுப்புகிறார். வெறும் வயிற்றோடு போய் நின்றால் கதவு பூட்டியிருக்கிறது. அந்த நேரம் தலைமை லேபுக்கு உரியது. கிளைக்கு ஞாயிறு அரை நாள்தான். எண்ணை அழைத்தால் அண்ணா நகரில் எடுக்கிறார்கள். “திருமங்கலத்துல யார் இருக்காங்கன்னு தெரியலைங்க சார், இருங்க கேட்டுச் சொல்றேன்” என்கிறார்கள்.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. மூன்று இடங்களின் விவரத்தை ஓர் இடத்தின் விவரமாகச் சுருக்கியதுதான் பிழை.

முகவரி: கடிதத்துக்கும் கண்ணுக்கும்

திருமங்கலம் கிளைக்கென்று தனிப் பக்கம் தொடங்குகிறோம். தலைப்பிலேயே ஊர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும்: “ரத்தப் பரிசோதனை நிலையம் – திருமங்கலம், மதுரை மாவட்டம்”. கூகுளில் தேடும்போது நீல எழுத்தில் வருவது பெரும்பாலும் இந்தத் தலைப்புதான். “எங்கள் கிளைகள்” என்று அங்கே வந்தால் அதைத் தொட யாருக்கும் காரணமில்லை.

அடுத்து முழு முகவரி: கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், பின்கோடு. ஆறு இலக்கப் பின்கோடு 1972-இல் வந்தது. கடிதப் பட்டுவாடாவுக்கு வந்த அந்த எண் இன்றைக்கு ஒரே பெயருள்ள ஊர்களைப் பிரித்துக் காட்டவும் உதவுகிறது. 625706 என்று போட்டுவிட்டால் அது மதுரை மாவட்டத்துத் திருமங்கலம். சென்னை எண்கள் 600 என்று தொடங்கும்.

முகவரியைப் படமாகப் போடக் கூடாது. விசிட்டிங் கார்டை ஸ்கேன் செய்து ஒட்டிவிடும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. படத்தில் இருக்கும் எழுத்தை வாடிக்கையாளர் நகலெடுத்து ஆட்டோக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்ப முடியாது. தேடுபொறியும் அதை எழுத்தைப் போல நம்பகமாகப் படிக்காது.

நம் ஊரில் கதவு எண் மட்டும் போதாது, அடையாளமும் வேண்டும். ஆனால் அடையாளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். “செல்போன் கடைக்கு எதிரே” என்று எழுதினால் அடுத்த வருடம் அந்தக் கடை ஜவுளிக்கடை ஆகியிருக்கும். பேருந்து நிலையம், ரயில் நிலையம், அரசு மருத்துவமனை, கோயில் போல எளிதில் இடம் மாறாதவற்றைச் சொல்வது நல்லது. அதோடு, வந்து நிற்பவர் கண்ணால் காணப்போவதையும் எழுத வேண்டும்: “முதல் மாடி. லிஃப்ட் இல்லை. படி ஏற முடியாதவர்கள் கீழிருந்து அழைத்தால், அங்கேயே வந்து ரத்தம் எடுப்போம்.” முட்டி வலியுள்ள ஒரு பெரியவருக்கு அந்தப் பக்கத்திலேயே முக்கியமான வரி இதுவாகத்தான் இருக்கும்.

நேரம்: திறந்திருப்பது வேறு, வேலை நடப்பது வேறு

நான்கு விவரங்களில் அதிகம் மாறுவதும் அதிகம் பிழைப்பதும் நேரம்தான். “காலை 6.30 முதல் இரவு 8 வரை” என்று ஒரே வரியாக எழுதுவது லேபுக்குப் பொருந்தாது. கதவு திறந்திருக்கும் நேரம் ஒன்று, ரத்தம் எடுக்கும் நேரம் ஒன்று, ரிப்போர்ட் கொடுக்கும் நேரம் ஒன்று. மாலை 7 மணிக்கு ரிப்போர்ட் வாங்கலாம். ஆனால் ரத்தமாதிரிகளை அண்ணா நகருக்கு ஏற்றிச் செல்லும் வண்டி 5 மணிக்கே கிளம்பிவிடும் என்றால், அதற்குப் பிறகு கொடுக்கும் ரத்தத்தின் முடிவு மறுநாள்தான் வரும். வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியது இந்த வித்தியாசம்.

சர்க்கரைப் பரிசோதனையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். சாப்பிட்ட பின் 2 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். ஞாயிறு பகல் 12 மணிக்குக் கிளை மூடுகிறது என்றால், 11 மணிக்கு வருகிறவருக்குக் கதவு திறந்திருந்தும் பயனில்லை. இரண்டாவது ரத்தம் எடுக்க ஆள் இருக்காது. ஆகவே பக்கத்தில் இப்படி எழுத வேண்டும்: “ஞாயிறு: காலை 6.30 – பகல் 12. சாப்பிடும் முன், பின் இரண்டும் பார்க்க வேண்டியவர்கள் 9 மணிக்குள் வந்துவிடவும்.” இந்த வரியை வெப்சைட் செய்து கொடுப்பவரால் எழுத முடியாது. அந்தக் கிளையில் ஊசி பிடிக்கும் டெக்னீஷியன்தான் சொல்ல முடியும்.

பிறகு விசேஷ நாட்கள். தீபாவளி, பொங்கல் எல்லாக் கிளைக்கும் பொது. ஆனால் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் போக்குவரத்தையே மாற்றிவிடுவார்கள். அன்றைக்கு வைகையின் வடகரையில் இருக்கும் அண்ணா நகர் கிளைக்கு வருவதே பாடு. திருமங்கலம் கிளையோ வழக்கம்போல இயங்கலாம். கிளைக்கு ஒரு பக்கம் இருந்தால் அன்றைய அறிவிப்பை உரிய இடத்தில் மட்டும் போடலாம். பொதுப் பக்கத்தில் போட்டால் மேலூர்க்காரரும் அன்று லேப் இல்லை என்று நினைத்துவிடுவார்.

தொலைபேசி: யார் எடுக்கிறார்கள்?

கிளைப் பக்கத்தில் கிளையின் எண் இருக்க வேண்டும். அங்கே இருப்பவர் எடுக்க வேண்டும். எண்ணைத் தொட்டதும் அழைப்பு போகும்படி அமைப்பது ஒரு சிறு இணைப்புதான்: `tel:` என்று போட்டு, அதன்பின் +91 உடன் எண்ணை இடைவெளியில்லாமல் எழுதினால் போதும். தரைவழி எண் என்றால் ஊர்க் குறியீட்டின் முதல் பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். மதுரையின் 0452, +91-க்குப் பின் 452 ஆகும். பூஜ்யத்தோடு விட்டுவிட்டால் அழைப்பு போகாமல் போகலாம். துபாயிலிருந்து மகள் கூப்பிடும்போதுதான் அந்தப் பிழை தெரியவரும்.

இதில் அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. கிளை மேலாளரின் சொந்த செல் எண்ணையே போட்டுவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் வேலையை விட்டுப் போவார். எண்ணும் அவரோடு போகும். இதற்குள் அந்த எண் கூகுள் மேப்பிலும், நான்கு விளம்பரத் தளங்களிலும், நூற்றுக்கணக்கான ரிப்போர்ட் கவர்களிலும் ஏறியிருக்கும். கிளைக்கென்று நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம் வாங்கி, அதைக் கிளையிலேயே வைத்துவிடுவது எளிய தீர்வு.

வழி: புள்ளி எங்கே விழுகிறது?

வரைபடத்தைப் பக்கத்தில் ஒட்டுவதோடு, தொட்டதும் வழி காட்டத் தொடங்கும் ஓர் இணைப்பும் தர வேண்டும். கூகுள் மேப்புக்கு அதன் வடிவம் இது:

```
https://www.google.com/maps/dir/?api=1&destination=9.82160,77.98910
```

கடைசியில் இருக்கும் இரண்டு எண்கள் அட்சரேகை, தீர்க்கரேகை. இங்கே கொடுத்திருப்பது மாதிரிக்கு மட்டும். உங்கள் கிளையின் எண்களை மேப்பில் வாசலை அழுத்திப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருப்பது நல்லது. ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கிறது. இரண்டாவது இலக்கம் ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். 9.82 என்று இரண்டு இலக்கத்தோடு நிறுத்திவிட்டால் வண்டி பக்கத்துத் தெருவில் போய் நின்றாலும் ஆச்சரியமில்லை.

புள்ளி கட்டடத்தின் நடுவில் விழுந்தாலும் சிக்கல்தான். கட்டடத்தின் பின்பக்கம் இன்னொரு தெரு இருந்தால், மேப் அந்தத் தெருவுக்கு அழைத்துப் போய் “வந்துவிட்டீர்கள்” என்று சொல்லிவிடும். ஆகவே புள்ளியை வாசலில் வைக்க வேண்டும். நான்கு வழிச் சாலையோரக் கிளை என்றால், எந்தப் பக்கத்திலிருந்து வருபவர் எங்கே சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டும் என்பதை இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும். பேருந்தில் வருபவருக்கு எந்த நிறுத்தத்தில் இறங்குவது, அங்கிருந்து எவ்வளவு நடை என்பது போதும்.

வழி சரியா என்று சோதிக்க ஒரே முறைதான் இருக்கிறது. அந்தக் கிளைக்கு இதுவரை வராத ஒருவரிடம் பக்கத்தை மட்டும் கொடுத்து வரச் சொல்லுங்கள். அவர் வழியில் யாரையாவது கேட்டாரென்றால், எங்கே கேட்டாரோ அங்கே உங்கள் பக்கத்தில் ஒரு வரி குறைகிறது.

கணினிக்குப் புரியும் மொழியில்

மனிதர் படிப்பதற்கு எழுதியதையே கணினி ஐயமில்லாமல் படிக்க ஒரு வழி உண்டு. கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011-இல் schema.org என்ற பொது அகராதியைத் தொடங்கின. இது முகவரி, இது நேரம், இது தொலைபேசி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டிக் கொடுக்கும் முறை அது. திருமங்கலம் கிளைக்குச் சுருக்கமாக இப்படி இருக்கும்:

```
<script type="application/ld+json">
{
  "@context": "https://schema.org",
  "@type": "LocalBusiness",
  "name": "லேபின் பெயர்",
  "telephone": "+91XXXXXXXXXX",
  "address": {
    "@type": "PostalAddress",
    "addressLocality": "Thirumangalam, Madurai",
    "postalCode": "625706",
    "addressCountry": "IN"
  },
  "openingHoursSpecification": [{
    "@type": "OpeningHoursSpecification",
    "dayOfWeek": "Sunday",
    "opens": "06:30",
    "closes": "12:00"
  }]
}
</script>
```

இடமில்லாததால் தெரு முகவரியையும் மற்ற நாட்களையும் விட்டிருக்கிறோம். உண்மையான பக்கத்தில் அவையும் வர வேண்டும். இதைப் போட்டதால் முதலிடம் கிடைத்துவிடாது. இதில் இருப்பதும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பக்கத்தில் பகல் 12 என்று திருத்திவிட்டு இங்கே இரவு 8 என்று விட்டுவைத்தால், எதை நம்புவது என்று கணினிக்கும் தெரியாது.

இதே ஒற்றுமை கூகுள் மேப்பில் இருக்கும் நிறுவன விவரப் பக்கத்துக்கும் வேண்டும். அது இலவசம், ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று தனியாக வைக்கலாம். அதில் “இணையதளம்” என்று கேட்கும் இடத்தில் முகப்புப் பக்கத்தைக் கொடுக்காமல் அந்தந்தக் கிளையின் பக்கத்தைக் கொடுக்க வேண்டும். பெயர் எல்லாக் கிளைக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பெயரோடு “சிறந்த ரத்தப் பரிசோதனை திருமங்கலம்” என்று ஒட்டுவது கூகுளின் விதிக்கு எதிரானது. அந்த விவரப் பக்கமே முடக்கப்படலாம்.

இல்லாத கிளைக்குப் பக்கம் எதற்கு?

மூன்று பக்கம் போட்டதும் ஓர் ஆசை வரும். “அப்படியே சிவகங்கை, தேனி, திண்டுக்கல்லுக்கும் போட்டுவிடலாமே, ஊர்ப் பெயரை மாற்றினால் போதும்.” இந்த யோசனையை விற்பவர்களும் இருக்கிறார்கள். கிளையே இல்லாத ஊர்களுக்கு ஒரே எழுத்தை நகலெடுத்துப் பக்கங்கள் போட்டு, எல்லாவற்றையும் ஒரே தலைமை எண்ணுக்கு இழுப்பதைக் கூகுள் மோசடி வகையில் சேர்த்திருக்கிறது. இத்தகைய பக்கங்களைக் கீழே தள்ளப் போவதாக 2015-இலேயே அறிவித்தது.

வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கும் வசதி இருந்தால் அதை ஒரே பக்கத்தில் சொல்லலாம்: எந்தெந்த ஊருக்கு வருவோம், என்ன கட்டணம், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும். அங்கே ஒரு கிளை இருப்பது போலக் காட்டக் கூடாது.

உண்மையான கிளைகளின் பக்கங்களும் பெயர் மட்டும் மாறிய நகல்களாக இருந்தால் பயன் குறைவு. நாம் மேலே எழுதியவற்றைப் பாருங்கள்: படிக்கட்டு, ஞாயிறு 9 மணி, மாதிரி வண்டியின் 5 மணி. இவற்றில் எதுவும் மேலூருக்குப் பொருந்தாது. பக்கம் தானாகவே வேறாகிவிடுகிறது. கிளையைப் பற்றி எழுத வேறு எதுவுமே இல்லையென்றால், “எங்கள் தரமான சேவை” என்று பத்து வரி நிரப்புவதைவிட நான்கு விவரங்களோடு நிறுத்திக்கொள்வது மேல்.

பக்கம் இருந்தும் காணவில்லை என்றால்

சில நேரம் பக்கம் நன்றாக இருக்கும், தேடலில் வராது. மூன்று காரணங்களை முதலில் பார்க்கலாம். ஒன்று, அந்தப் பக்கத்துக்கு இணைப்பே இருக்காது. பின்கோடைத் தட்டினால்தான் கிளை தெரியும் என்று பெட்டி ஒன்றை மட்டும் வைத்திருப்பார்கள். மனிதர் தட்டுவார், தேடுபொறி தட்டும் என்று நம்பியிருக்க முடியாது. எல்லாக் கிளைகளுக்கும் சாதாரண இணைப்பு உள்ள பட்டியல் ஒன்றும் வேண்டும்.

இரண்டு, ஒரு கிளைப் பக்கத்தை நகலெடுத்து மற்றதைச் செய்யும்போது `rel="canonical"` என்ற வரி மாறாமல் நின்றுவிடும். “இதன் மூலப் பக்கம் அதுதான்” என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரி அது. மேலூர்ப் பக்கத்தில் திருமங்கலத்தின் முகவரி அதில் இருந்தால், மேலூர்ப் பக்கத்தையே கூகுள் ஒதுக்கிவிடலாம். மூன்று, பக்கம் தயாராகும்வரை மறைத்துவைக்கப் போட்ட `noindex` வரியை எடுக்க மறந்திருப்பார்கள். கூகுளின் இலவசச் சேவையான Search Console-இல் URL Inspection என்ற இடத்தில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், அது சேர்க்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று சொல்லும்.

எல்லாம் சரியாக இருந்தும் மேப்பில் பக்கத்து லேப் முதலில் வரலாம். அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்தும்போது கூகுள் மூன்றைப் பார்ப்பதாகச் சொல்கிறது: தேடியதற்குப் பொருத்தம், தேடுபவருக்கு எவ்வளவு தூரம், அந்த நிறுவனம் எவ்வளவு அறியப்பட்டது. தூரத்தை எந்தப் பக்கமும் குறைக்க முடியாது.

யார் பொறுப்பு?

இந்தப் பக்கங்கள் கெடுவது பெரும்பாலும் தொடங்கும்போது இல்லை, ஆறு மாதம் கழித்துத்தான். ஞாயிறு ஷிப்ட் மாறும், எண் மாறும், கிளையே அடுத்த தெருவுக்குப் போகும். வெப்சைட்காரருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் பெயரைக் குறித்து, மாதம் ஒரு முறை தன் கிளையின் பக்கத்தை செல்போனில் திறந்து, எண்ணைத் தொட்டுப் பார்த்து, நேரத்தைச் சரிபார்க்கச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. கிளை இடம் மாறினால் அதே பக்கத்தில் முகவரியைத் திருத்துங்கள். புதிதாக இன்னொன்று தொடங்கினால் பழையதும் தேடலில் சுற்றிக்கொண்டிருக்கும். கிளையை மூடிவிட்டால் பக்கத்தைச் சட்டென்று அழிக்காமல், மூடிய தேதியையும் அருகிலுள்ள கிளையையும் சில மாதம் காட்டிவிட்டு, பிறகு அந்த முகவரிக்கு வருபவர்களை அருகிலுள்ள கிளையின் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். மேப்பிலும் நிரந்தரமாக மூடப்பட்டது என்று குறித்துவிடுங்கள்.

உங்களிடம் மூன்று கிளை இருந்து, ஒன்றின் விவரத்தைத்தான் மாதந்தோறும் பார்க்க ஆள் இருக்கிறது என்றால், முதலில் அந்த ஒரு பக்கத்தைத் தொடங்குங்கள். பழைய நேரத்தைக் காட்டும் பக்கம், பக்கமே இல்லாததைவிட மோசமானது. பக்கம் இல்லையென்றால் வாடிக்கையாளர் போன் செய்து கேட்பார். தவறாக இருந்தால் நம்பி வந்து பூட்டிய கதவைப் பார்ப்பார்.